கழகத்துக்குக் கடிதம் எழுதுமுன்: புரொஜக்டரா, பெரிய டிவியா?

பல்லடம் பக்கம் தறிக்குடோன்கள் சூழ்ந்த ஊரில், அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறைக்கு ஒரு புரொஜக்டரும் ஸ்கிரீனும் வாங்க உதவி கேட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். நவீன உலகம், மாணவர் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் "சுமார் ஒரு லட்சம் ரூபாய்" என்று எழுதியிருந்தேன். கூட்டத்தில் கழகத் தலைவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். பதினாறு தறி ஓட்டுகிறவர், கணக்கில் கறார்.

"ஏனுங்க சார், என்ர வீட்டுல 55 இஞ்ச் டிவி இருக்குதுங்க. அதையே ஒண்ணு வாங்கிச் செவுத்துல மாட்டுனாப் போதாதுங்களா? ஒரு லட்சம் எதுக்குங்க?"

என்னிடம் பதில் இல்லை. "புரொஜக்டர்தானுங்க பெருசாத் தெரியும்" என்று இழுத்தேன். எவ்வளவு பெரிசு, எந்தப் பெஞ்சு வரை தெரியும் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கடிதம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு செய்த ஒப்பீடுதான் இது. எங்களைப் போல ஒரே ஒரு அறைக்கு வாங்கப் பார்க்கும் பள்ளிகளுக்குக் கணக்கு உதவலாம்.

முதலில் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கினேன். எங்கள் அறை 24 அடி நீளம், 20 அடி அகலம். கரும்பலகைச் சுவரிலிருந்து கடைசி பெஞ்சுப் பையனின் கண்ணுக்கு 21 அடி. வகுப்பறையில் எழுத்தைப் படிக்க ஒரு நடைமுறை விதி உண்டு: கடைசியில் இருப்பவர் படத்தின் உயரத்தைப்போல ஆறு மடங்கு தூரத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை அடி. அதாவது படம் குறைந்தது மூன்றரை அடி உயரம் இருக்க வேண்டும்.

டிவியின் இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். 55 இஞ்ச் டிவியின் படம் உயரத்தில் இரண்டேகால் அடிதான், ஆறு மடங்கு போட்டால் பதிமூன்றரை அடி. எங்கள் அறையில் அது மூன்றாவது பெஞ்சோடு நின்றுவிடும். 65 இஞ்ச் 16 அடி வரை வரும், 75 இஞ்ச் 18 அடி வரை. 86 இஞ்ச் போனால்தான் 21 அடியைத் தொடும், அதன் விலையைக் கேட்டதும் கடையிலிருந்து டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். புரொஜக்டரில் 7 அடி அகலத்துக்குப் படம் போட்டால் உயரம் 4.4 அடி, 26 அடி வரை படிக்கலாம்.

இதைக் காகிதத்தில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, தலைவர் வீட்டு டிவி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அதே விகிதத்தில் பெரிதாக்கி ஒட்டி, சுவரில் மாட்டினேன். ஜெராக்ஸ் கடையில் நூறு ரூபாய் கூட ஆகவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரும் பெண் தலைப்பைப் படித்தாள், கீழே இருந்த படத்தில் பாகங்களின் பெயரைக் கேட்டபோது கண்ணைச் சுருக்கினாள். டிவி நல்ல பொருள்தான். வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும், விளக்கு மாற்ற வேண்டாம், தூசிக்கும் அவ்வளவாகப் பயப்படாது. 15 அடி ஆழமுள்ள அறையாக இருந்தால் யோசிக்காமல் 65 இஞ்ச் டிவியையே கேட்டிருப்பேன். எங்கள் அறை அப்படியில்லை.

சரி, புரொஜக்டர் என்றால் எந்தப் புரொஜக்டர்? இங்கேதான் பணம் வீணாகிற இடம் இருக்கிறது.

இளம் ஆசிரியர் ஒருவர் ஆன்லைனில் ஒன்றைக் காட்டினார். கையடக்கமான பெட்டி, ஒன்பதாயிரம் ரூபாய், அட்டையில் "9,000 லூமன்". லூமன் என்பது வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பிரச்சினை என்னவென்றால் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று இந்த மாதிரிப் பெட்டிகளில் இருக்காது. தரப்படுத்திய அளவு முறைகளான ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. முறையில் அளந்த லூமன் எவ்வளவு என்று தேடிப் பார்த்தால், இந்த ரகத்தில் சில நூறைத் தாண்டுவதே அபூர்வம். 250 என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

7 அடிக்கு 4.4 அடிப் படத்தின் பரப்பு 2.9 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ்; 250-ஐ 2.9-ஆல் வகுத்தால் ஸ்கிரீனில் விழும் வெளிச்சம் 86 லக்ஸ். இனி அறை. போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, போனின் முதுகைச் சுவரோடு ஒட்டி, முகப்பு அறையைப் பார்க்கும்படி வைத்து அளந்தேன். முன்பக்கக் கேமராவுக்குப் பக்கத்தில்தான் உணரி இருக்கும், அதைக் கை மறைக்கக் கூடாது. போன் அளவு துல்லியமில்லை, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். காலை 11 மணிக்கு ஜன்னல்கள் திறந்து, டியூப் லைட் எரிய, கரும்பலகைச் சுவரில் 320 லக்ஸ்.

புரொஜக்டரால் கறுப்பைப் போட முடியாது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்கிரீனில் கறுப்பு என்று நாம் பார்ப்பது, வெளிச்சம் விழாத இடத்தில் அறையின் வெளிச்சம்தான். ஆகவே எங்கள் அறையில் கறுப்பு 320. வெள்ளை, 320-உடன் புரொஜக்டர் தருவதைச் சேர்த்தது. அந்தச் சின்னப் பெட்டியில் வெள்ளை 406, கறுப்பு 320. ஒன்றேகால் மடங்கு வித்தியாசம். சுவரில் ஏதோ நிழல் அசைகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எழுத்து சிரமமில்லாமல் தெரிய ஏழு மடங்காவது வித்தியாசம் வேண்டும்.

அடுத்து, நிறுவனத் தயாரிப்பான சாதாரண விளக்குப் புரொஜக்டர், 3,600 லூமன். புதிதாக இருக்கும்போதுதான் அந்த 3,600. விளக்கு பழசாகும், தூசி படியும், வெளிச்சத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலையில் ஓட்டுவோம். மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் 2,400. ஸ்கிரீனில் 830 லக்ஸ். வெள்ளை 1,150, கறுப்பு 320. மூன்றரை மடங்கு. போதவில்லை! ஐம்பதாயிரத்துக்குப் பக்கமாகக் கொடுத்தும் பாதிதான் வருகிறது.

கடைக்காரர் அப்போது என்ன சொல்வார்? "இன்னும் பவர்ஃபுல்லா எடுத்துக்கங்க சார்." 320 லக்ஸ் வெளிச்சத்தில் பத்து மடங்கு வித்தியாசம் வேண்டுமென்றால் 8,000 லூமனுக்கு மேல் வேண்டும். அது கல்யாண மண்டபத்துக்குரிய சாமான்.

நான் வேறு ஒன்றைச் செய்து பார்த்தேன். சத்துணவுக் கூடத்திலிருந்த பழைய கெட்டித் துணி இரண்டைக் கரும்பலகைக்குப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டிலும் கட்டினேன். முன்வரிசை டியூப் லைட்டை மட்டும் அணைத்தேன். பின்வரிசை லைட் எரிந்தது, பிள்ளைகள் நோட்டில் எழுத வெளிச்சம் இருந்தது. இப்போது சுவரில் அளந்தால் 90 லக்ஸ். அதே 3,600 லூமன் புரொஜக்டருக்குக் கணக்குப் போட்டால் வெள்ளை 920, கறுப்பு 90. பத்து மடங்கு.

அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கர்டனும் முன் லைட்டுக்குத் தனி ஸ்விட்சும் செய்கிற வேலையை, இரண்டு மடங்கு விலையுள்ள புரொஜக்டர் செய்யாது. என் முதல் கடிதத்தில் கர்டன் என்ற சொல்லே இல்லை. (சின்னப் பெட்டிக்குக் கர்டன் போட்டாலும் இரண்டு மடங்குதான் வரும். அதை இளம் ஆசிரியரிடம் சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. ராத்திரி வீட்டில் படம் பார்க்க நல்லதுதான் என்று சமாதானம் சொன்னேன்.)

அப்புறம் லேசரா, விளக்கா என்ற கேள்வி. லேசர் புரொஜக்டரின் ஒளிமூலம் 20,000 மணி நேரம் என்கிறார்கள். விளக்கு முழு வெளிச்சத்தில் 5,000 மணி வாக்கில், மிச்சப்படுத்தும் நிலையில் இன்னும் கூடுதல். கேட்டால் லேசர்தான் என்று தோன்றும். ஆனால் எங்கள் உபயோகம் ஒரு நாளைக்கு மூன்று பாடவேளை, அதாவது இரண்டு மணி நேரம். ஆண்டுக்கு 200 நாள் வைத்தால் 400 மணி. விளக்கே பன்னிரண்டு ஆண்டு வரும். லேசர் ஐம்பது ஆண்டு வரும் என்று கணக்கு சொல்கிறது, அதற்குள் மற்றப் பாகங்கள் என்றோ போயிருக்கும். நாள் முழுக்க ஓடுகிற பயிற்சி மையத்துக்கு லேசர் லாபம். எங்களுக்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுக்கக் காரணம் இல்லை.

விளக்கிலும் ஒரு பலவீனம் இருக்கிறது, அது எங்கள் ஊருக்குப் பொருந்துகிற பலவீனம். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் விசிறியும் நின்றுவிடும். கொதித்துக்கொண்டிருக்கும் விளக்கு காற்றில்லாமல் தவிக்கும். அடிக்கடி இப்படி நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும். தறிகள் மொத்தமாக ஓடும் நேரத்தில் எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்குவதும், சட்டென்று நின்று வருவதும் சாதாரணம். அதனால் ஒரு கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம். பாடம் நடத்த அல்ல, ஐந்து நிமிடம் விசிறி ஓடி விளக்கு ஆற. இதையும் முதல் கடிதத்தில் எழுதவில்லை.

தூசியைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நேரில் பார்த்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய புரொஜக்டர் இருபது நிமிடம் ஓடி, சிவப்பு விளக்கு சிமிட்டி, தானாக அணைந்துவிடும். "மெஷின் கெட்டுப்போச்சுங்க" என்று மூலையில் வைத்திருந்தார்கள். நண்பர் ஒருவரோடு போய்ப் பார்த்தோம். பக்கவாட்டு மூடியைத் திறந்து காற்று வடிகட்டியை இழுத்தபோது, அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் அப்படியே உரிந்து வந்தது. கையில் எடுத்தால் பிளானல் துணி மாதிரி. பஞ்சுத் தூசி. அந்த ஸ்கூலுக்குச் சுவரை ஒட்டித் தறிக்குடோன். வடிகட்டியைத் தட்டி, பிரஷ்ஷால் துடைத்துப் போட்டோம், ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் கணக்கில் வருகிறது. கடைகளில் இரண்டு ரகம் உண்டு. மூன்று எல்.சி.டி. தகடு உள்ள ரகத்தில் நிறங்கள் நன்றாக வரும், நிலவரைபடமும் உயிரியல் படமும் பளிச்சென்றிருக்கும், ஆனால் காற்று உள்ளே போகிற வழியில் வடிகட்டி இருக்கிறது, அதை யாராவது துடைக்க வேண்டும். டி.எல்.பி. ரகத்தில் சில்லு பெரும்பாலும் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் தூசித் தொல்லை குறைவு, ஆனால் ஒரே சில்லு உள்ளவற்றில் வண்ணங்களின் வெளிச்சம், அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சத்தை விடக் குறைவாக இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு எல்.சி.டி.யையே எடுக்க முடிவு செய்தேன். பாடத்தில் பாதி வண்ணப் படம். துடைக்கிற வேலையை ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பெயரில் எழுதி, மாதம் முதல் சனிக்கிழமை என்று அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால் போயிற்று. யாரும் துடைக்க மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பள்ளி டி.எல்.பி. வாங்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வழியும் பார்த்தோம்: ஷார்ட் த்ரோ. சுவரிலிருந்து மூன்றரை அடியிலிருந்தே 7 அடிப் படம் போடும். ஆசிரியரின் நிழல் விழாது, கண்ணில் வெளிச்சம் குத்தாது. சாதாரணப் புரொஜக்டருக்குப் பத்தரை அடி தள்ளி நடு அறையில் தொங்கவிட வேண்டும், அங்கே மின்விசிறி குறுக்கே வரும். ஷார்ட் த்ரோவை வாங்கிவிடலாம் என்றே இருந்தேன். கெடுத்தது ஆடிக்காற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் ஆனியிலிருந்தே அடிக்கத் தொடங்கும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், சுருட்டி இறக்குகிற ஸ்கிரீனுக்குத் திண்டாட்டம். கீழே அடிக்கட்டை கனமாக இருந்தாலும் துணி வயிறு தள்ளும். சாதாரணப் புரொஜக்டரில் அது லேசான அசைவு. மூன்றரை அடியிலிருந்து சாய்வாக விழும் படத்தில் ஒரு விரற்கடை அசைவும் கோடுகளை வளைத்துவிடும், முக்கோணம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஷார்ட் த்ரோவுக்குத் தட்டையான கெட்டிப் பலகை வேண்டும். அதை வைத்தால் கரும்பலகை போய்விடும், எங்கள் கணக்கு வாத்தியார் என்னை விட மாட்டார். எனவே மேலே சுருளக்கூடிய ஸ்கிரீன், சாதாரணப் புரொஜக்டர், கூரையிலிருந்து ஒன்றரை அடி இறக்கிய தாங்கி. அப்படி இறக்கினால் ஒளிக்கற்றை விசிறி இறக்கைக்குக் கீழே போகிறது. ஸ்கிரீனின் அடிக்கட்டையைக் கட்ட சுவரில் இரண்டு கொக்கி. கர்டன் இழுத்துவிட்டால் காற்றும் பாதி அடங்கும்.

சுவரிலேயே வெள்ளை அடித்து ஸ்கிரீன் செலவை மிச்சப்படுத்தலாமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். காலிச் சுவர் இருந்தால் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் தாராளமாகப் போதும். எங்களுக்கு இருக்கும் ஒரே நேர்ச்சுவரில் கரும்பலகை.

விலைக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கினேன். ஒன்றில் புரொஜக்டருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம் என்றிருந்தது. பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். 39,000 ரூபாய் அடக்கத்துக்கு அந்த ஒரு வரியிலேயே 3,900 ரூபாய் வித்தியாசம். எங்கள் ஊரில் ஒருவரின் வாரக் கூலியை விடவே கூடுதலாக இருக்கலாம், ஒரு பழைய கோப்பால் போயிருக்கும்.

இரண்டாவது கடிதம் இப்படி முடிந்தது. முதல் பத்தியில் என்ன தேவை, எந்த அறைக்கு என்பது மட்டும். அதன் பிறகு இதுதான்:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஒன்பதாம் வகுப்பு அறையின் கடைசி பெஞ்சு கரும்பலகையிலிருந்து 21 அடியில் உள்ளது. 55 இஞ்ச் டிவியில் மூன்றாவது பெஞ்சு வரைதான் எழுத்துத் தெரிகிறது. மாதிரி அட்டை அறையிலேயே மாட்டப்பட்டுள்ளது, உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். எனவே 3,600 லூமன் விளக்குப் புரொஜக்டர் ஒன்று வேண்டுகிறோம். அதன் விலை வரி உட்பட ரூ.46,020. சுருட்டும் ஸ்கிரீன் ரூ.5,500. கூரைத் தாங்கி ரூ.2,000. 15 மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் ரூ.2,200. எர்த் உட்பட வயரிங்கும் முன் லைட்டுக்குத் தனி ஸ்விட்சும் ரூ.3,300. யு.பி.எஸ். ரூ.5,500. ஜன்னல் கர்டன் ரூ.2,500. மொத்தம் ரூ.67,020. மூன்று கொட்டேஷன்களும் இணைப்பில் உள்ளன.

கர்டனையும் வயரிங்கையும் முதலில் முடிக்க வேண்டுகிறோம். அது முடிந்த பின், கடைக்காரர் புரொஜக்டரைக் கொண்டுவந்து பகல் 11 மணிக்கு இந்த அறையில் ஓட்டிக் காட்டுவார். கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடியாவிட்டால் வாங்க வேண்டாம். பெற்றோர் எவரிடமும் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்றும், தருபவர்களுக்குக் கழக ரசீது வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். வடிகட்டி துடைக்கும் பொறுப்பு பள்ளியுடையது."

தலைவர் இந்த முறை கடிதத்தை மடிக்கவில்லை. பேனாவை எடுத்து, யு.பி.எஸ். என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். எனக்குப் பக்கென்றது.

"இதை நான் தாரேனுங்க. குடோன்ல ஒண்ணு சும்மாக் கெடக்குது, பேட்டரி மட்டும் மாத்திக்கங்க. அந்த அட்டை இன்னும் மாட்டியிருக்குதுங்களா? வாங்க, போய் உக்காந்து பாத்துட்டு வந்துருவோம்."